1146-ஆம் எண்ணில் போன பார்சல்

வேலம்பட்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் அந்தச் செய்தி முதலில் நீலாவதியின் வீட்டுக்குத்தான் வரும். செய்தியோடு ரவிக்கைத் துணியும் வரும். ஜவ்வாது மலையின் மேற்கு அடிவாரத்தில், திருப்பத்தூர் பஸ் வந்து திரும்பிப் போகும் அந்தச் சின்ன ஊரில், பன்னிரண்டு வருஷமாகப் பெண்களுக்குத் தைத்துக் கொடுக்க அவளை விட்டால் ஆளில்லை. அளவு ரவிக்கை கூட அவளுக்கு வேண்டியதில்லை. எதிரே நிற்பவளை ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்ப்பாள். பிறகு கத்தரிக்கோலை எடுப்பாள். அவள் வெட்டிய ரவிக்கை தோளில் தூக்காது, கையில் இறுக்காது, குனிந்து களை எடுத்தாலும் முதுகில் ஏறாது. மலைக்கு மேலே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சரம்மா, நாலு மணி நேரம் நடந்து இறங்கி வந்து அவளிடம்தான் தைத்துக்கொண்டு போவார்.

அவள் கணவன் கண்ணாயிரம் திருப்பத்தூரில் சந்தனக்கட்டை டிப்போவில் காவலாள். சனிக்கிழமை வருவான், திங்கள் விடியலில் போவான். பிள்ளை கிடையாது. வீட்டின் முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின். அந்த ஜன்னலில் உட்கார்ந்தால் தெருமுனைக் கிணறும், அதற்கு அப்பால் தோல் வாங்கும் லத்தீப்பின் வீடும் தெரியும்.

லத்தீப் வாணியம்பாடிக்காரர். சுற்றுக் கிராமங்களில் ஆட்டுத்தோல் வாங்கி உப்புப் போட்டு மூட்டை கட்டி அனுப்புகிற வேலை. ஐம்பத்தொன்பதில் இங்கே குடிவந்தபோது மனைவி ஜோஹராவையும் அவள் தையல் மெஷினையும் ஒரே மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். நீலாவதி ஜன்னலிலிருந்து அந்த மெஷினைப் பார்த்தாள். தன்னுடையதைவிடப் புதுசு. பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாளிடம், "துலுக்கப் பொண்ணுங்களுக்கு வூட்டோட தைச்சிக்க வேணுமில்ல" என்று சொல்லித் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஒன்றரை வருஷம் அப்படித்தான் இருந்தது. ஜோஹரா குழந்தைகளுக்குக் கவுனும் தலையணை உறையும் தைத்தாள். ரவிக்கை பக்கம் அவள் வரவில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் ஹெட்மாஸ்டர் வீட்டம்மா மாணிக்கம்மாள் நீலாவதியின் வீட்டுக்குள் வந்து, ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு ரவிக்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"பார்த்தியா நீலா? கையிலயே போட்டது மாதிரி இல்ல? மெஷின்லியே போட்டாளாம்!"

ஊதாப் பட்டுத் துணி. இரண்டு கையிலும் ஒவ்வொரு மயில். தோகையில் பச்சை, நீலம், நடுவே தங்க நிறத்தில் கண். நீலாவதி துணியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். முடிச்சு ஒன்றுகூடத் துருத்தவில்லை.

"யாரு?"

"நம்ம ஜோஹராதான். மெட்ராஸ்லருந்து இன்னமோ சாமானு தருவிச்சாளாம். மர வளையம், கலர் கலரா நூலு, பூ அச்சு போட்ட தாளு. எல்லாஞ் சேத்துப் பதினாலு ரூபாயாம். எழுதிப்போட்டுப் பன்னெண்டாம் நாளு தபால்ல வந்துடுச்சாம்."

நீலாவதி அக்குள் மடிப்பைத் தேடினாள். அங்கே துணி சுருங்கியிருந்தது. வெட்டு சரியில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் மாணிக்கம்மாள் அந்த மயிலையே பார்த்துக்கொண்டிருந்த பார்வையில் அக்குள் மடிப்பெல்லாம் எடுபடாது என்று தெரிந்தது. பன்னிரண்டு வருஷத்தில் தான் தைத்துக் கொடுத்த எதையும் அந்த அம்மாள் இப்படித் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் காட்டவில்லை. நெஞ்சுக்குள் யாரோ அடுப்பை ஊதியது போலிருந்தது.

"இந்தக் கடுதாசிய வச்சிட்டுப் போங்கம்மா. மாதிரி வெட்ட ஆவும்" என்றாள்.

மாணிக்கம்மாள் ரவிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். நீலாவதி கதவைச் சாத்திவிட்டுக் காகிதத்தை விரித்தாள். அது மெட்ராஸிலிருந்து வந்த பார்சலின் மேலுறை. ஒரு பக்கம் அனுப்புநர் பெயர் அச்சிட்டு ஒட்டியிருந்தது: சுகுணவல்லி தையல் சாமான் கம்பெனி, தபால் ஆர்டர் பிரிவு, சென்னை. கீழே ஜோஹராவின் பெயரும் விலாசமும். ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் 1146 என்று ஓர் எண்.

அந்த எண் அந்தச் சாமானுக்கு உரியது என்று நீலாவதி எடுத்துக்கொண்டாள். ஜவுளிக்கடையில் சேலைக்கு நம்பர் இருப்பது போல.

சித்திரை பிறப்பதற்கு முன் அவள் ஆர்டர் எழுதினாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், தப்பில்லாமல் எழுதுவாள். உறைத் தபாலில் வைத்த காகிதத்தின் தலைப்பில் 1146 என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டாள். "மேற்படி நம்பர் பூத்தையல் செட் ஒன்று உடனே அனுப்பவும்" என்றும், அடியில் "நீலாவதி, வேலம்பட்டு" என்றும் எழுதினாள். அவ்வளவுதான். தெருப் பெயர், கதவு எண், கணவன் பெயர் எதுவும் இல்லை. வேலம்பட்டில் நீலாவதி என்றால் யாருக்குத் தெரியாது?

அன்றைக்கே தபாலாபீசில் பதினாலு ரூபாய் மணியார்டர் செய்தாள். மணியார்டர் பாரத்தின் அடியில், பணம் எதற்காக என்று பெறுகிறவருக்கு எழுத ஒரு துண்டு இடம் இருக்கும். போஸ்ட்மாஸ்டர் ராஜாக்கண்ணு அதைச் சுட்டிக்காட்டி, "இங்க ரெண்டு வரி எழுதும்மா, இன்னாத்துக்குப் பணம்னு அவங்களுக்குத் தெரியணும் இல்ல?" என்றார்.

ராஜாக்கண்ணுவுக்குப் பின்னால் தபால்காரர் ரங்கன் நின்று முத்திரை குத்திக்கொண்டிருந்தார். தினமும் கடிதம் கொடுக்கப் போகும்போது ரங்கன் ஜோஹராவின் வாசலில் நின்று ஒரு கிளாஸ் டீ குடிப்பது நீலாவதிக்குத் தெரியும். ஜன்னலிலிருந்துதான் பார்க்கிறாளே. எழுதினால் அவர் படிப்பார். படித்தால் சொல்வார். ஜோஹரா சிரிப்பாள்.

"அவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி அந்த இடத்தை வெற்றாகவே விட்டாள்.

பன்னிரண்டு நாள் போயிற்று. இருபது நாள் போயிற்று. வைகாசி முகூர்த்தங்கள் வந்தன. மூன்று கல்யாணப் பெண்கள் நீலாவதியிடம் துணியைக் கொடுத்துத் தைத்து வாங்கிக்கொண்டு, அப்படியே தெருமுனைக்குப் போய் ஜோஹராவிடம் கையில் பூப் போடக் கொடுத்தார்கள். தான் வெட்டித் தான் தைத்த ரவிக்கை தன் ஜன்னலைத் தாண்டி இன்னொரு வீட்டுக்குள் போவதை நீலாவதி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரங்கன் ஜோஹராவின் வாசலில் டீ கிளாசோடு நிற்கும் ஒவ்வொரு நாளும் சந்தேகம் ஓரங்குலம் வளர்ந்தது.

ஒருநாள் கிணற்றடியில், தண்ணீர் எடுக்க நின்ற ஏழெட்டுப் பேர் முன்னிலையில் ரங்கனை மறித்தாள்.

"எம் பார்சல் எங்கய்யா? அங்க டீ குடுக்குறாங்கன்னு எங்கூட்டுச் சாமானையும் அங்கியே எறக்கிட்டியா?"

ரங்கன் ஐம்பது வயது மனுஷர். இருபத்தெட்டு வருஷம் தபால் சுமந்தவர். முகம் வெளுத்துவிட்டது. "இன்னா வார்த்தை சொன்ன நீலாவதி" என்றார். சைக்கிளைத் திருப்பி நேரே தபாலாபீசுக்குப் போனார். அரை மணி நேரத்தில், போஸ்ட்மாஸ்டர் கூப்பிடுவதாக ஆள் வந்தது.

ராஜாக்கண்ணு கோபப்படவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினார்.

"பார்சல் வர்லேன்னு சொல்ற. சரி. என்னிக்கு ஆர்டர் எழுதின?"

"சித்திரைக்கு முன்னாடி."

"தேதி?"

தெரியவில்லை.

"மணியார்டர் ரசீது வச்சிருக்கியா? அதுல நம்பரும் தேதியும் இருக்கும்."

முந்தானையில் முடிந்து கொண்டுவந்த காகிதங்களை அவள் மேஜையில் கொட்டினாள். ரசீது இருந்தது. அதோடு கசங்கிய இன்னொரு சீட்டும் இருந்தது. ராஜாக்கண்ணு அதை நீவி எடுத்து, ரங்கனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்.

"இது உனக்கு எப்படி வந்துச்சு?"

"இவருதான் குடுத்தாரு. இன்னா சீட்டுன்னு தெரியல, வச்சிருந்தேன்."

"பணம் போய்ச் சேர்ந்துச்சுன்னு கம்பெனிக்காரன் கையெழுத்துப் போட்டுத் திருப்பியனுப்புன சீட்டும்மா இது. பாரு, ரப்பர் ஸ்டாம்பு. ஏப்ரல் பதினொண்ணு. ஒம்பணத்த ரங்கனும் எடுக்கல, நானும் எடுக்கல. அவன் வாங்கியாச்சு. வாங்குனான்னு ஒங்கைக்குக் கொண்ணாந்து குடுத்ததே இந்த மனுஷன்தான்."

ரங்கன் முத்திரைக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலாவதிக்குத் தலை நிமிரவில்லை. ஆனாலும் மன்னிப்பு வாயில் வரவில்லை.

"ஒம்பேருக்கு இந்த ரெண்டு மாசத்துல இங்க பார்சல் எதுவும் வர்ல. வந்தா ரெஜிஸ்டர்ல ஏறியிருக்கும்" என்றார் ராஜாக்கண்ணு. "ஆர்டர்ல இன்னா எழுதின? எழுத்து விடாம சொல்லு. வேற பேரு, நம்பரு எதாவது எழுதினியா?"

பழுப்புக் காகிதம் நினைவுக்கு வந்தது. ஜோஹராவின் பெயர் போட்ட உறையைப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறோம் என்று இந்த இரண்டு ஆண்களிடமும் எப்படிச் சொல்வது?

"ஒண்ணியும் இல்ல. சாமான் அனுப்புன்னு எழுதினேன். அவ்ளோதான்."

போஸ்ட்மாஸ்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டது போலிருந்தது. "அப்ப கம்பெனிக்குத்தான் எழுதணும். கோவமா எழுதாத. ரசீது நம்பர், தேதி, ஆபீஸ் பேரு, தொகை, ஆர்டர் எழுதின நாளு, ஒம்பேரு, முழு விலாசம். இதெல்லாம் இருந்தாதான் அவன் தேடுவான்."

அவள் கோபமாகத்தான் எழுதினாள். மூன்று பக்கம். அதே ஊரில் இன்னொருத்திக்குப் பன்னிரண்டு நாளில் அனுப்பியவர்கள் தனக்கு ஏன் அனுப்பவில்லை, அவளுக்கு என்ன தனி மரியாதை, ஏழை என்றால் இளக்காரமா என்றெல்லாம் கேட்டாள். ரசீது நம்பரை எழுத மறந்துவிட்டாள். முழு விலாசத்தை மட்டும் இந்தத் தடவை எழுதியிருந்தாள். அதனால் பதில் வந்தது.

பதிலில் திட்டு இல்லை. தபால் ஆர்டர் பிரிவின் குமாஸ்தா ஒருவர் அஞ்சலட்டையில் சின்னச் சின்ன எழுத்தாக எழுதியிருந்தார். தங்கள் பெயர் எங்கள் வாடிக்கையாளர் பதிவேட்டில் இல்லை. ஆர்டர் எழுதிய தேதி, மணியார்டர் ரசீது எண், தேதி, தொகை, அனுப்பிய தபால் நிலையம், கேட்ட சாமான் ஆகியவற்றைத் தெரிவிக்கவும். கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்: ஆர்டர் கடிதத்தில் எண் ஏதேனும் குறிப்பிட்டிருந்தால், அதைத் தவறாமல் எழுதவும்.

நீலாவதி அட்டையை நாலுநாள் மெஷின் டிராயரில் வைத்திருந்தாள். சனிக்கிழமை வந்த கண்ணாயிரம் எண்ணெய்க் குப்பியைத் தேடும்போது அதை எடுத்துப் படித்தான்.

"நம்பரு எழுதினியா?"

"எழுதினேன்."

"அப்ப சொல்றதுக்கு இன்னா?"

அவள் பழுப்புக் காகிதத்தை எடுத்துவந்து காட்டினாள். கண்ணாயிரம் காகிதத்தைப் பார்த்தான், பெயரைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு ஒன்ன இன்னா பண்ணிச்சு?" என்று மட்டும் கேட்டான்.

"ஒண்ணியும் பண்ல. அதான்" என்றாள் நீலாவதி. சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜோஹரா சண்டை போட்டிருந்தால், விலையைக் குறைத்திருந்தால், ஒரு வார்த்தை இளக்காரமாகப் பேசியிருந்தால்கூட ஆறியிருக்கும். அவள் பாட்டுக்கு உட்கார்ந்து மயில் போட்டாள். அதுதான் தாங்கவில்லை.

அன்றைக்கே எழுதினாள். இந்தத் தடவை ஒரு பக்கம்தான். ரசீதைப் பக்கத்தில் வைத்து எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினாள். கடைசியில், "1146 என்று எழுதியிருந்தேன். அது சாமானின் எண் என்று நினைத்தேன்" என்று சேர்த்தாள்.

எட்டாம் நாள் உறைத் தபாலில் பதில் வந்தது. ரங்கன் வாசலில் நின்று நீட்டினார். வழக்கமாக "நீலாவதி, தபாலு!" என்று கூப்பிடுகிறவர், கிணற்றடி நாளிலிருந்து கூப்பிடுவதில்லை. அவள் அங்கேயே நின்று பிரித்தாள்.

1146 சாமானின் எண் இல்லை. அது ஜோஹராவின் வாடிக்கை எண். ஒரு தடவை வாங்கியவர்களுக்கு ஓர் எண் கொடுத்து, பெயரையும் விலாசத்தையும் பதிவேட்டில் எழுதி வைப்பது கம்பெனியின் வழக்கம். நீலாவதியின் கடிதம் வந்ததும், அடியில் இருந்த பெயரைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் பார்த்து, ஜோஹரா மறுபடியும் கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டார்கள். அந்தப் பெயரில் பணம் வராததால், பார்சலைக் கொடுக்கும்போது பணம் வசூலிக்கும் வி.பி.பி. முறையில் ஏப்ரல் பதினான்காம் தேதி அவர் விலாசத்துக்கே அனுப்பினார்கள். அவர் தான் கேட்கவில்லை என்று மறுத்துவிட்டதால் பார்சல் திரும்பி வந்துவிட்டது. நீலாவதியின் மணியார்டர், காரணம் எழுதாமல் வந்ததால், எந்த ஆர்டருக்கானது என்று தெரியாமல் தனியாக நிற்கிறது. இப்போது இரண்டும் பொருந்துகின்றன. ஆனால் ஆர்டர் 1146-இன் பெயரில் ஏறியிருப்பதால், அது தம்முடையது அல்ல என்று அந்த அம்மையார் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால், பார்சலை உடனே தங்களுக்கு அனுப்புகிறோம்.

நீலாவதி நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பார்சல் வேலம்பட்டுக்கே வந்திருக்கிறது. இந்த ஜன்னலுக்கு எதிரே அந்த வாசலில் நின்றிருக்கிறது. ரங்கன் நீட்டியிருக்கிறார், ஜோஹரா வேண்டாமென்று தலையாட்டியிருக்கிறாள். தபாலாபீசில் ராஜாக்கண்ணு சொல்ல வந்து விழுங்கியது இதைத்தான். இன்னொருவர் தபாலைப் பற்றி அவர் வாய் திறக்க முடியாது.

பார்சலுக்கு ஒரே வழி ஜோஹராவின் கையெழுத்து. இரண்டு நாள் அவள் போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனாள்.

ஜோஹராவுக்கு இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். கதவைத் திறந்தவள் ஒரு கணம் திகைத்து, "வாங்கக்கா" என்றாள். உள்ளே பாய் விரித்து வெட்டிய துணிகள் கிடந்தன. நீலாவதி உட்காராமலே கடிதத்தை நீட்டினாள். ஜோஹரா நின்றபடியே படித்தாள். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"நீங்களா அது?" என்றாள். குரல் உயரவில்லை. "ஒன்றர மாசமா நான் படுறது உங்களுக்குத் தெரியாதுக்கா. கேக்காத பார்சல் வந்துச்சு, திருப்பிட்டேன். அடுத்த வாரமே கம்பெனிக்காரன் எழுதுறான், நீங்க ஆர்டர் குடுத்துட்டு மறுத்துட்டீங்க, இனிமே முழுப் பணமும் முன்கூட்டியே வந்தாதான் உங்களுக்குச் சாமானுன்னு. பச்ச நூலு தீர்ந்துபோயி கல்யாண ரவிக்கை ரெண்டு பாதில நிக்குது. இவரு வேற என்னக் கேக்குறாரு, நெசமாவே நீ எழுதலியான்னு. கட்டுனவரே நம்பல."

நீலாவதிக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. பச்சை நூல் தீர்ந்துபோயிற்று என்று கேட்டதும் உள்ளே எங்கோ ஒரு குளிர்ச்சி. அது வந்தது தனக்கே தெரிந்தது. தெரிந்ததும் வெட்கம் வந்தது. ஆனால் குளிர்ச்சிதான் முன்னால் வந்தது. இதைப் பின்னாளில் சுந்தரம்மாளிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"எம்மேலதான் தப்பு" என்றாள் தரையைப் பார்த்து. "ஒங்கடுதாசிய எடுத்து வச்சிக்கினேன். நீ போடுற பூவைப் பார்த்து எனக்கு மனசு ஆறல."

அப்போதுதான் பாயின் ஓரத்தில் அது கண்ணில் பட்டது. ஒரு மஞ்சள் ரவிக்கை, தையல் முழுக்கப் பிரித்து, துண்டு துண்டாகப் பழைய செய்தித்தாளின் மேல் பரப்பியிருந்தது. முதுகு, முன்பாகம், கை. ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் பென்சிலால் கோடு. அந்த மஞ்சளை நீலாவதிக்குத் தெரியும். போன தீபாவளிக்குச் சுந்தரம்மாளுக்குத் தான் வெட்டியது. பூப் போடக் கொடுத்திருக்கிறாள் போலிருக்கிறது.

ஜோஹரா அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். முகம் சிவந்தது. குனிந்து ஒரு தலையணை உறையை எடுத்து அதன்மேல் போட்டாள். பிறகு, மறைத்ததே தப்பு என்று பட்டதோ என்னவோ, உறையை மறுபடி எடுத்துவிட்டாள்.

"அக்குளு எனக்கு வரமாட்டேங்குது" என்றாள். "எத்தினி வெட்டினாலும் சுருங்குது. உங்களுது மட்டும் எப்படிப் படியுதுன்னு பார்த்தேன். திருப்பித் தைச்சிக் குடுத்துடுவேன்."

நீலாவதி அந்தப் பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பெண்ணும் தன் ரவிக்கையை வைத்துக்கொண்டு இதே அறையில் உட்கார்ந்து வெந்திருக்கிறாள். மாசி மாதத்திலிருந்து அவளுக்குக் கிடைக்காத நிம்மதி அந்த நிமிஷத்தில் கிடைத்தது. அக்குளுக்கு எங்கே வளைவு கொடுக்க வேண்டும் என்று சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. சொல்லவில்லை.

"கையெழுத்துப் போடுறேன்" என்றாள் ஜோஹரா. "ஆனா நீங்களும் எழுதணும். நான் ஆர்டர் குடுத்துட்டு மறுக்கல, தப்பு உங்களுதுன்னு. எம்பேரு சுத்தமாவணும்."

"எழுதுறேன்."

"இங்க வேணாம். தபாலாபீசுல வச்சி எழுதலாம். போஸ்ட்மாஸ்டரும் பார்க்கட்டும்."

மறுநாள் இருவரும் ராஜாக்கண்ணுவின் மேஜைக்கு எதிரே நின்று எழுதினார்கள். ஜோஹரா முதலில் எழுதினாள். ஏப்ரல் மாதம் 1146 என்ற எண்ணில் வந்த ஆர்டர் தன்னுடையது அல்ல, அந்தச் சாமான் மீது தனக்கு உரிமை எதுவும் இல்லை, வி.பி.பி. பார்சலைத் தான் மறுத்தது அதனால்தான். எழுத்து முத்து முத்தாக, கோடு போட்ட தாளில் அச்சடித்தது போல் விழுந்தது. நீலாவதி பக்கத்தில் நின்று பார்த்தாள். அடுத்து தன் கோணல் எழுத்தில் அதே தாளின் கீழே எழுத வேண்டும் என்று நினைத்தபோது, சற்று முன்வரை இல்லாத எரிச்சல் மறுபடி தலைதூக்கியது. வேறு தாள் கேட்டு வாங்கினாள்.

தப்பு தன்னுடையது என்று எழுதினாள். மணியார்டரில் காரணம் எழுதாததும், மற்றவர் எண்ணைப் போட்டதும் தான்தான் என்று எழுதினாள். ராஜாக்கண்ணு இரண்டையும் படித்து, ரசீது நம்பரைச் சரிபார்த்து, "இப்ப வந்துடும்" என்றார். ரங்கன் இரண்டு தாளையும் ஓர் உறையில் போட்டுப் பசை தடவினார்.

"அண்ணே" என்றாள் நீலாவதி. "கெணத்தடியில அன்னிக்கு நான் பேசினது தப்பு."

"தபால் பை கட்டுற நேரம், வழி வுடும்மா" என்றார் ரங்கன். ஆனால் இரண்டு நாள் கழித்துத் தெருவில் போகும்போது "நீலாவதி, தபாலு எதுவும் இல்ல!" என்று வலியக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆனி கடைசியில் பார்சல் வந்தது. ஜோஹராவுக்கும் அதே பையில் ஒரு கடிதம் வந்தது. பழையபடி வி.பி.பி.யில் சாமான் அனுப்புவதாகக் கம்பெனி எழுதியிருந்தது. நீலாவதி மெஷினில் துணியை நகர்த்தும் பல்லைத் தகட்டால் மூடி, துணியை மர வளையத்தில் இழுத்துக் கட்டி, முதல் பூவைப் போட்டாள். அது பூசணிப்பூ மாதிரி வந்தது. பத்தாவது பூ ஓரளவுக்குப் பூவாக இருந்தது. மயில் அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. தோகை வரும், கழுத்து கோழிக் கழுத்தாகிவிடும். ஜோஹராவின் அக்குள் மடிப்பும் அடுத்த பொங்கலில் சரியாகத்தான் இருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே கண்டுபிடித்துவிட்டாள். அதைப் பார்த்த அன்று நீலாவதி இரவுச் சோற்றைத் தள்ளிவிட்டுப் படுத்தாள்.

இதற்கிடையில் நீலாவதிக்கு ஊரில் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் எழுதிப்போட்டு வாங்குவது அந்த நாளில் வேலம்பட்டில் பரவத் தொடங்கியிருந்தது. ஒருத்தருக்குக் கைக்கடிகாரம், ஒருத்தருக்குப் பாட்டுப் புத்தகம், சித்த வைத்தியருக்கு ஏதோ பஸ்பம். வராதபோது ஜனங்கள் அவளிடம் வந்தார்கள். அவள் மெஷினை நிறுத்தாமலே கேட்பாள்.

"என்னிக்கு எழுதின? யாரு பேர்ல எழுதின? விலாசம் முழுசா போட்டியா? பணம் கட்டின ரசீது எங்க? கம்பெனி ஒனக்குன்னு நம்பரு குடுத்துச்சா, அது ஒன்னுதுதானா? இன்னொருத்தருதப் பார்த்து எழுதிட்டியா?"

கடைசிக் கேள்வியை மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். பிறகு அரைப் பக்கத்துக்கு மிகாமல் ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பாள். கோபம் ஒரு வார்த்தைகூட இருக்காது. பெரும்பாலும் பார்சல் வந்துவிடும்.

அறுபத்தாறில் ஒருநாள் மாணிக்கம்மாள் வந்தாள். மகளுக்குத் தருவித்த சுவர்க்கடிகாரம் வரவில்லை என்றாள். நீலாவதி எல்லாவற்றையும் கேட்டு, தாளை எடுத்து எழுத உட்கார்ந்தாள்.

"நீ சொல்லு நீலா, போதும்" என்றாள் மாணிக்கம்மாள். "நான் ஜோஹராகிட்டக் குடுத்து எழுதி வாங்கிக்கிறேன். அவ எழுத்து லட்சணமா இருக்கும், கம்பெனிக்காரன் மதிப்பான்."

நீலாவதி பேனாவை மூடினாள். எழுதவேண்டிய அத்தனை விவரத்தையும் வரிசையாக, ஒன்றையும் விடாமல் சொன்னாள். ரசீது நம்பரை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். மாணிக்கம்மாள் தெருமுனையில் திரும்பும்வரை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், கடையிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவந்து, அன்று மாலையிலிருந்து எழுத்தைத் திருத்தப் பழகினாள்.